பழைய தமிழ்ப் புத்தகத்தின் பிடிஎஃப்பில் சொல் தேட மூன்று வழிகள்: எது எதற்கு?

இணைய நூலகத்திலிருந்து 1950-களின் புத்தகம் ஒன்றை இறக்கி, அதில் ஒரு சொல்லைத் தேடிப் பார்ப்பவர்களுக்கு இரண்டு விதமான ஏமாற்றம் கிடைக்கும். ஒன்று, எதைத் தேடினாலும் எதுவும் அகப்படாது. அந்த பிடிஎஃப் வெறும் படங்களின் அடுக்கு. உள்ளே எழுத்து என்று எதுவுமே இல்லை. இது எளிய சிக்கல். இரண்டாவதுதான் தொல்லை பிடித்தது. கோப்பில் எழுத்து இருக்கிறது, 'அவர்' என்று தேடினால் நூறு இடத்தில் வருகிறது, ஆனால் 'தலைவர்' என்று தேடினால் ஒன்றுகூட வராது. கண்ணெதிரே அந்தப் பக்கத்தில் 'தலைவர்' என்று அச்சாகியிருக்கும்.

முதல் சிக்கலுக்கு மூன்று வழிகள் உள்ளன. படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் நிரலான எழுத்துணரியை நூலகத் தளமே ஓட்டி வைத்திருந்தால் அதன் பலனை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். நம் கணினியிலேயே டெசராக்ட் என்ற இலவச எழுத்துணரியை ஓட்டலாம். அல்லது கூகுளின் எழுத்துணரியிடம் கொடுக்கலாம். இரண்டாவது சிக்கலை, அதாவது பழைய எழுத்துச் சிக்கலை, இவற்றில் எதுவும் முழுதாகத் தீர்த்துவிடுவதில்லை. எனவே 'எந்த வழி மிகத் துல்லியமானது' என்று மட்டும் கேட்டால் தவறான முடிவுக்குத்தான் போவோம். எழுத்து எதற்கு வேண்டும், தேடவா, மேற்கோள் எடுக்கவா, மறுபதிப்புப் போடவா என்பதைத்தான் முதலில் தீர்மானிக்க வேண்டும். தேடுவதற்கு மட்டும் என்றால் நான் இரண்டாவது வழியைத்தான் சொல்வேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

எழுத்துணரியைத் தொடுவதற்கு முன் ஒரு பத்து நிமிடம் வேறு இடத்தில் தேடிவிடுவது நல்லது. சங்க இலக்கியம், பக்தி இலக்கியம், பாரதி என்றால் மதுரைத் திட்டத்தில் மனிதர்கள் தட்டச்சு செய்த பாடம் ஏற்கெனவே இருக்க வாய்ப்புண்டு. 1998-லிருந்து நடக்கும் வேலை அது. நாட்டுடைமையான எழுத்தாளர்களின் உரைநடை நூல்கள் தமிழ் விக்கிமூலத்தில் ஏராளமாக உள்ளன. அங்கே பக்கத்தின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் இயந்திரம் படித்தது அப்படியே கிடக்கிறது. மஞ்சள் என்றால் ஒருவர் மெய்ப்புப் பார்த்திருக்கிறார். பச்சை என்றால் இன்னொருவரும் சரிபார்த்திருக்கிறார். பச்சைப் பக்கம் கிடைத்துவிட்டால் கீழே நான் எழுதப் போகும் எதுவும் உங்களுக்குத் தேவையில்லை.

பழைய இதழ்களுக்கு இந்த அதிர்ஷ்டம் அனேகமாகக் கிடைக்காது. அவை ஆர்க்கைவ் தளத்திலோ (archive.org), தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலோ, ஈழத்து வெளியீடு என்றால் நூலகம் தளத்திலோ (noolaham.org) ஸ்கேன் செய்த பிடிஎஃப்பாகத்தான் இருக்கும். இறக்கும்போது உரிமையையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் காப்புரிமை உண்டு. சொந்தமாகத் தேடிப் படிப்பது வேறு, எழுத்தேற்றிய கோப்பைத் திரும்பப் பொதுவில் ஏற்றுவது வேறு.

கோப்பைத் திறந்து பார்ப்பது

இறக்கிய பிடிஎஃப்பில் எழுத்து உள்ளதா, இருந்தால் எப்படி உள்ளது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. முன்னுரை, பொருளடக்கம் எல்லாம் தாண்டி நடுவிலிருந்து ஒரு பக்கத்தை எடுங்கள். இறக்கிய கோப்பின் பெயர் `nool.pdf` என்றால், முனையத்தில் இந்த இரண்டு கட்டளைகளையும் கொடுங்கள்.

```
pdftotext -f 40 -l 40 nool.pdf -
pdfimages -list -f 40 -l 40 nool.pdf
```

முதல் கட்டளை 40-ஆம் பக்கத்தின் எழுத்தைத் திரையில் கொட்டும். எதுவும் வரவில்லை என்றால் படம் மட்டும்தான். ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் குப்பை வந்தால் அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, எழுத்துணரியை யாரோ ஆங்கிலம் என்று சொல்லி ஓட்டியிருக்கிறார்கள். இன்னொன்று, அது ஸ்கேனே இல்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து உருவான பிடிஎஃப். 1990-களுக்குப் பிந்தைய வெளியீடுகளில் இந்த இரண்டாம் வகை நிறையக் கிடைக்கும். திரையில் அழகான தமிழ். நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகளின் கதம்பம்.

இரண்டாவது கட்டளை அந்தப் பக்கத்தின் படம் எவ்வளவு நுணுக்கமானது என்று சொல்லும். x-ppi என்ற பத்தியில் 300 அல்லது அதற்கு மேல் இருந்தால் கவலையில்லை. 200 என்றால் ஓரளவு தேறும். 100-ஐ ஒட்டி இருந்தால் எந்த எழுத்துணரியும் தடுமாறும். புள்ளியும் மெய்யும் ஒட்டிக்கொண்டு, 'க' எது 'க்' எது என்று தெரியாமல் போய்விடும்.

நுணுக்கம் குறைவாக இருந்தால், கோப்பு ஆர்க்கைவ் தளத்திலிருந்து வந்ததா என்று பாருங்கள். அங்கே கிடைக்கும் பிடிஎஃப் இறக்குவதற்குச் சிறிதாக இருக்கட்டும் என்று பல நேரம் கடுமையாகச் சுருக்கப்பட்டிருக்கும். அதே பக்கத்தில் எல்லாக் கோப்புகளையும் காட்டச் சொன்னால், பெயர் `_jp2.zip` என்று முடியும் ஒன்று பெரும்பாலும் இருக்கும். பக்கங்களின் அவ்வளவாகச் சுருக்காத படங்கள் அதில்தான் உள்ளன. அளவு பல மடங்கு பெரிது. எல்லாப் புத்தகத்துக்கும் அதை இறக்க வேண்டியதில்லை. பிடிஎஃப்பின் படம் மங்கலாக இருந்தால் மட்டும் போதும். அதைப் பிரித்து ஒரே பிடிஎஃப்பாகக் கோக்க `img2pdf` உதவும்:

```
img2pdf --imgsize 300dpi *.jp2 -o nool.pdf
```

முதல் வழி: தளமே செய்தது

ஆர்க்கைவ் தளத்தில் நீண்ட காலம் தமிழுக்கு எழுத்துணரியே கிடையாது. பழைய பதிவுகளின் விவரத்தில் இன்றும் `language not currently OCRable` என்ற வரியைப் பார்க்கலாம். 2020-இன் பிற்பகுதியில் அவர்கள் டெசராக்டுக்கு மாறிய பிறகு தமிழும் சேர்ந்துகொண்டது. ஆகவே அங்கே உள்ள ஒரு தமிழ்ப் புத்தகம் மூன்று நிலைகளில் ஏதாவது ஒன்றில் இருக்கும்: எழுத்தே இல்லாமல், தமிழாகப் படித்து, அல்லது பதிவேற்றியவர் மொழியைத் தவறாகக் குறித்ததால் ஆங்கிலமாகப் படித்து. பதிவின் விவரப் பகுதியில் `ocr` என்று தொடங்கும் வரிகளைப் பார்த்தால் எது என்று புரிந்துவிடும். `ocr_parameters` என்ற வரியில் `tam` இருந்தால், தமிழ் எழுத்தில் பயிற்றிய மாதிரியைக் கொண்டு படித்திருக்கிறார்கள்.

இந்த வழியின் பெரிய வசதி, உழைப்பே இல்லை என்பதுதான். இதழ் தொகுப்பு ஒன்றில் நூறு இதழ்கள் இருக்கின்றன, எந்த இதழில் தேவையான கட்டுரை உள்ளது என்று முதலில் தோராயமாகப் பார்க்க வேண்டும் என்றால் இதுவே போதும். எழுத்துணரி ஓடிய ஒவ்வொரு பதிவிலும் `_djvu.txt` என்று முடியும் கோப்பு வெறும் எழுத்து. பிடிஎஃப் எதையும் இறக்காமல் அவற்றை மட்டும் இறக்கித் தேடலாம். `ia` என்ற சிறிய கருவி இருந்தால் ஒரு வரிதான்:

```
ia download IDENTIFIER --glob="*_djvu.txt"
```

IDENTIFIER என்ற இடத்தில் பதிவின் முகவரியில் `/details/` என்பதற்குப் பின்னால் வரும் பெயரைப் போட வேண்டும்.

குறை என்னவென்றால், பக்கம் சாய்ந்திருந்தாலும், பத்தி பிரியவில்லை என்றாலும், மொழி தவறியிருந்தாலும் நம்மால் எதையும் மாற்ற முடியாது. மற்ற தளங்களிலிருந்து இறக்கும் கோப்புகளில் பல வெறும் படமாகவே வரும். அங்கே இந்த வழியே கிடையாது.

இரண்டாவது வழி: நம் கணினியில்

இதற்கு இரண்டு நிரல்கள் வேண்டும். எழுத்தைப் படிப்பது டெசராக்ட். அது படித்ததைப் பக்கப் படத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத எழுத்தாகச் சரியான இடத்தில் பதித்து பிடிஎஃப்பாகத் தருவது `ocrmypdf`. உபுண்டுவில் நிறுவ ஒரு வரி போதும். விண்டோஸ்காரர்கள், விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்ட உதவும் டபிள்யூஎஸ்எல் வழியாக உபுண்டுவை நிறுவி அதே வரியைப் போடுவதுதான் தலைவலி குறைந்த வழி.

```
sudo apt install ocrmypdf tesseract-ocr-tam
```

முழுப் புத்தகத்தையும் எடுத்தவுடன் ஓட்டாதீர்கள். ஐந்து பக்கம் மட்டும் ஓட்டிப் பாருங்கள். பலன் சரியாக இருந்தால் `--pages 40-44` என்பதை எடுத்துவிட்டு முழுதையும் ஓட்டலாம்.

```
ocrmypdf -l tam --pages 40-44 --deskew --sidecar sample.txt nool.pdf sample.pdf
```

`--deskew` சாய்ந்த பக்கத்தை நேராக்கும். `--sidecar` படித்த எழுத்தைத் தனிக் கோப்பாகவும் எழுதி வைக்கும். அதன் அருமை பிறகு தெரியும். கோப்பில் ஏற்கெனவே எழுத்து இருந்தால் இந்தக் கட்டளை வேலை செய்ய மறுத்து நின்றுவிடும். அப்போது இரண்டு தேர்வுகள். `--redo-ocr` என்றால் பழைய மறைவெழுத்தை மட்டும் எடுத்துவிட்டுப் புதிதாகப் படிக்கும். படத்தைத் தொடாது, கோப்பின் அளவும் பெருகாது. ஆனால் இதனுடன் `--deskew` சேராது. `--force-ocr` என்றால் பக்கத்தையே புதிய படமாக்கிவிட்டுப் படிக்கும். பாமினி எழுத்துருவில் உருவான பிடிஎஃப்புக்கு இந்த இரண்டில் இதுதான் ஒத்துவரும். ஆர்க்கைவிலிருந்து வந்த நன்கு சுருக்கிய கோப்புக்கு இதைப் போட்டால் 20 எம்பி இருந்தது எக்கச்சக்கமாக ஊதிவிடும். எனவே ஆர்க்கைவ் பிடிஎஃப்புக்கு முதலில் `--redo-ocr`.

மொழியை `tam` என்று மட்டும் கொடுப்பதா, `tam+eng` என்று கொடுப்பதா? அடிக்குறிப்பில் ஆங்கிலம் நிறைய உள்ள ஆய்விதழ் என்றால் இரண்டும் வேண்டும். கதைப் புத்தகத்துக்கு `tam` மட்டும் போதும். ஆங்கிலத்தையும் சேர்த்தால் மங்கலான தமிழ் எழுத்தைச் சில இடங்களில் ஆங்கில எழுத்தாகப் பார்க்கும்; நேரமும் கூடும்.

உபுண்டு தரும் தமிழ் மாதிரி, வேகத்துக்காகச் சுருக்கியது. டெசராக்ட் திட்டமே `tessdata_best` என்ற பெயரில் பெரிய மாதிரியையும் தருகிறது. அதிலிருந்து `tam.traineddata` என்ற கோப்பை இறக்கி, பழையதன் இடத்தில் வைத்தால் போதும். மெதுவாக ஓடும். மங்கலான அச்சுக்கு மாற்றிப் பார்க்கலாம். தெளிவான அச்சுக்குப் பெரிய வித்தியாசத்தை எதிர்பார்க்காதீர்கள்.

1978-க்கு முந்தைய எழுத்து

இனி 'தலைவர்' ஏன் அகப்படவில்லை என்ற கதை. தமிழ்நாடு அரசு 1978 அக்டோபரில் எழுத்துச் சீர்திருத்த ஆணை வெளியிடும் வரை ணா, றா, னா ஆகியவை இன்றைய கால் வைத்த வடிவில் இல்லை. எழுத்தே சுழித்து மடங்கிய தனி வடிவம். அவற்றின் ஒகர ஓகார வடிவங்களும் அப்படியே. ணை, லை, ளை, னை நான்கிலும் ஐகாரக் குறி முன்னால் தனியே நிற்காமல், யானைத் துதிக்கை மாதிரி எழுத்தின் தலையோடு ஒட்டியிருக்கும். எழுத்துணரி மாதிரிகள் பெரும்பாலும் இன்றைய எழுத்துருக்களில் பயின்றவை. பழைய வடிவத்தைக் கண்டால், தமக்குத் தெரிந்ததில் எது நெருக்கமோ அதைச் சொல்லிவிடும்.

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். அச்சில் உள்ளது:

ஆனால் தலைவர் தலையை அசைத்து, இல்லை என்றார்.

எழுத்துணரி தருவது இப்படி இருக்கும்:

ஆஞல் தலேவர் தலேயை அசைத்து, இல்லே என்ருர்.

விக்கிமூலத்தின் சிவப்புப் பக்கங்களில் கொஞ்சம் உலவியவர்களுக்கு இந்தத் தமிழ் நன்றாகப் பழக்கம். கவனித்துப் பாருங்கள், 'தலேயை' என்பதில் லை மட்டும்தான் கெட்டது, யை சரியாக வந்திருக்கிறது. 'அசைத்து' என்பதில் உள்ள சை-யும் சரி. யை, சை, கை, தை போன்றவை அன்றும் இன்றும் ஒரே மாதிரிதான் அச்சாகின்றன. ஆக, இயந்திரம் கண்டபடி உளறவில்லை. ஒழுங்காக ஒரே தவற்றைத் திரும்பத் திரும்பச் செய்கிறது. லை என்றால் லே, னை என்றால் னே, றா என்றால் ரு, னா என்றால் ஞ, ணா என்றால் ணு. 'கண்ணாடி' பல இடங்களில் 'கண்ணுடி' ஆகியிருக்கும்.

புத்தகத்தின் ஆண்டை மட்டும் வைத்து இந்தச் சிக்கல் உண்டா இல்லையா என்று முடிவுகட்ட வேண்டாம். பெரியாரின் குடி அரசு 1935-லேயே சீர்திருத்த எழுத்துக்கு மாறிவிட்டது. மறுபக்கம், 1978-க்குப் பிறகும் கையிருப்பில் இருந்த பழைய அச்செழுத்தை ஓட்டிய அச்சகங்கள் உண்டு. ஒரு பக்கத்தைத் திறந்து 'இல்லை' என்ற சொல் எப்படி அச்சாகியிருக்கிறது என்று பார்த்தால் போதும்.

இன்னொரு பழைய பிரச்சினை ரகரமும் காலும். ஈய அச்சில் ர-வின் கீழே உள்ள சிறு சாய்கோடு தேய்ந்துவிட்டால் அதுவும் கால் மாதிரியே தெரியும். 'மரம்' என்பது 'மாம்' என்று வரும். இதில் மேலே சொன்ன ஒழுங்கு கிடையாது; அச்சின் தேய்மானத்தைப் பொறுத்தது. பாட்டு எண்ணும் பக்க எண்ணும் தமிழ் எண்ணில் இருந்தால், ஒன்று என்பதற்கான ௧ பெரும்பாலும் க என்றே வரும். இதையெல்லாம் விட்டுத்தள்ளலாம், தேடலுக்குப் பெரிய இடைஞ்சல் இல்லை.

மூன்றாவது வழி: கூகுள்

கூகுளின் எழுத்துணரி தமிழுக்கு டெசராக்டைவிடப் பொதுவாக நன்றாகவே படிக்கிறது. மங்கிய தாள், மை கசிந்த அச்சு, தேய்ந்த எழுத்து ஆகியவற்றில் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். அதைப் பெற மூன்று வாசல்கள் உள்ளன.

கூகுள் டிரைவில் பக்கத்தின் படத்தை ஏற்றி, வலச்சொடுக்கி Open with, Google Docs என்று கொடுத்தால், படத்துக்குக் கீழே எழுத்து வரும். இலவசம். ஆனால் கோப்பு 2 எம்பிக்குள் இருக்க வேண்டும் என்று கூகுளே சொல்கிறது. 300 பக்கப் புத்தகத்தை இப்படித் துண்டு போட்டு ஏற்றுவது மாளாத வேலை. ஒரு கட்டுரை, நாலைந்து பக்கம், மேற்கோள் எடுக்க வேண்டும் என்றால் இதைவிட வசதி வேறில்லை.

கூகுள் கிளவுட் விஷன் என்பது நிரலாளர்களுக்கானது. மாதம் முதல் 1000 பக்கம் இலவசம், அதற்கு மேல் 1000 பக்கத்துக்கு ஒன்றரை டாலர் அளவில். கணக்குத் திறக்கக் கடன் அட்டை கொடுக்க வேண்டும். சொல் எந்த இடத்தில் உள்ளது என்ற அளவுகளையும் தருவதால், அதை வைத்து மறைவெழுத்து பிடிஎஃப்பும் உருவாக்கலாம். ஆனால் அதற்கு நீங்களோ நண்பரோ கொஞ்சம் நிரல் எழுத வேண்டும்.

மூன்றாவது வாசல் விக்கிமூலம். காப்புரிமை முடிந்த புத்தகத்தை விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றினால், விக்கிமூலத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் எழுத்துணரிப் பொத்தான் இருக்கும். கூகுளையும் டெசராக்டையும் மாற்றி மாற்றி அழுத்திப் பார்க்கலாம். புத்தகத்தை மறுபதிப்புக்கோ மின்னூலுக்கோ தயாரிப்பவர்கள் இதைத்தான் எடுக்க வேண்டும் என்பேன். எப்படியும் வரிவரியாக மெய்ப்புப் பார்த்தாக வேண்டும். அங்கே படமும் எழுத்தும் அருகருகே இருக்கின்றன, உதவிக்கு வேறு கைகளும் வரலாம்.

ஆக கூகுளின் பலம் எழுத்தில். நமக்கு வேண்டியதோ தேடக்கூடிய பிடிஎஃப். டிரைவும் விக்கிமூலமும் அதைத் தருவதில்லை. தேடிய சொல் கிடைத்தவுடன் அந்தப் பக்கத்தின் படத்தைப் பார்க்க வேண்டும். ஏனென்றால் எழுத்துணரி தந்த எழுத்தை நம்பி மேற்கோள் காட்ட முடியாது. அச்சைப் பார்த்துத்தான் காட்ட முடியும். பக்க எண்ணும் வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகத்தான் தேடலுக்கு `ocrmypdf` என்கிறேன். அது நூற்றுக்கு ஐந்து சொல்லைக் கூடுதலாகத் தவறவிட்டாலும் பரவாயில்லை. நாம் தேடும் பொருள் உள்ள பக்கத்தில் அந்தச் சொல் ஒருமுறை மட்டும் வருவது அரிது. ஒன்று தவறினால் இன்னொன்று மாட்டும்.

பழைய எழுத்தில் மட்டும் இந்தச் சமாதானம் எடுபடாது. 'தலைவர்' பத்து முறை வந்தாலும் பத்தும் 'தலேவர்' ஆகியிருக்கும்.

எழுத்தைத் திருத்துவதா, கேள்வியை விரிப்பதா

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, தவறு ஒழுங்காகத்தானே நடக்கிறது, ஒட்டுமொத்தமாக மாற்றிவிடலாமே என்பது. ஓரளவு முடியும். தமிழ்ச் சொற்களில் ன் என்ற மெய்க்குப் பின்னால் ரு வருவதில்லை, ற் என்பதற்குப் பின்னாலும் வருவதில்லை. எனவே 'என்ருர்', 'சென்ருன்', 'பெற்ருள்' எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம். `--sidecar` தந்த எழுத்துக் கோப்பின் பெயர் `nool.txt` என்றால்:

```
sed -E -e 's/(ன்|ற்)ரு(ர்|ன்|ள்)/\1றா\2/g' \
       -e 's/ஆஞல்/ஆனால்/g' \
       -e 's/தலேவ/தலைவ/g' nool.txt > nool2.txt
```

இதற்கு மேல் போனால் வம்பு. 'ஞர்' என்பதையெல்லாம் 'னார்' ஆக்கினால் 'கவிஞர்' 'கவினார்' ஆகிவிடுவார், 'இளைஞர்' 'இளைனார்' ஆகிவிடுவார். 'லே'யை 'லை' ஆக்கினால் 'வீட்டிலே' கெட்டது. 'அவனே வந்தான்' என்பதும் 'அவனை அழைத்தான்' என்பதும் இரண்டுமே இயந்திரத்தில் 'அவனே' என்று வந்திருக்கும்; எதை மாற்றுவது, எதை விடுவது என்று வாக்கியத்தைப் படித்தால்தான் தெரியும். அது மெய்ப்புத் திருத்துபவரின் வேலை. இன்னொன்று, இந்தத் திருத்தமெல்லாம் தனிக் கோப்பில் உள்ள எழுத்தில்தான் நடக்கிறது. பிடிஎஃப்புக்குள் பதிந்தது அப்படியேதான் இருக்கும்.

அதனால் எழுத்தைத் திருத்துவதைவிடத் தேடும் கேள்வியை விரிப்பதே மேல். `pdfgrep` என்ற சிறு கருவி இதற்கென்றே அமைந்தது போல. ஒரு கோப்புறையில் உள்ள அத்தனை பிடிஎஃப்பிலும் தேடி, கோப்பின் பெயர், பக்க எண், அந்த வரி மூன்றையும் காட்டும். மாற்று வடிவங்களையும் ஏற்றுக்கொள்ளும்.

```
pdfgrep -rn 'த(லை|லே)வ' .
pdfgrep -rn 'க(லை|லே)ம' .
pdfgrep -rn 'கண்(ணா|ணு)டி' .
```

இதே சலுகை சாதாரண பிடிஎஃப் படிப்பானில் கிடையாது. அங்கே 'தலைவர்' ஒரு முறை, 'தலேவர்' ஒரு முறை என்று இரண்டு தடவை தேடிக்கொள்ள வேண்டியதுதான். அதற்கும் கேடில்லை. லை, ளை, னை, ணை, ணா, றா, னா இல்லாத சொல்லாக யோசித்துத் தேடினால் இரட்டை வேலையும் இல்லை. பாரதியைப் பற்றிய கட்டுரை வேண்டும் என்றால் 'பாரதி' போதும். 'விடுதலை'யைத் தேடுபவர் 'விடுத' என்று வெட்டிக்கொள்ளலாம், 'விடுத்தார்', 'விடுதி' எல்லாம் இடையில் சேர்ந்து வரும், அவ்வளவுதான்.

சொல்லை வெட்டித் தேடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பழைய அச்சில் வரி முடிவில் சொல் எங்கே வேண்டுமானாலும் உடையும், இணைப்புக்கோடும் இருக்காது. 'பத்திரிகையா' ஒரு வரி, 'சிரியர்' அடுத்த வரி. 'பத்திரிகையாசிரியர்' என்று முழுதாகத் தேடினால் அது அகப்படாது. நாலைந்து எழுத்துள்ள முன்பகுதியே நல்ல தூண்டில். ஈழத்து இதழ்கள் என்றால் எழுத்துக்கூட்டலே வேறு என்பதையும் மறக்க வேண்டாம். 'டெலிபோன்' அங்கே 'ரெலிபோன்'.

கடைசியாக, இதழ்களுக்கு மட்டும் உரிய ஒரு விஷயம். இரண்டு மூன்று பத்திகளாக அச்சான பக்கத்தில் எழுத்துணரி சில நேரம் பத்தி பிரிப்பதைத் தவறவிட்டு, இடப் பத்தியின் வரியையும் வலப் பத்தியின் வரியையும் சேர்த்துப் படித்துவிடும். `sample.txt`-ஐத் திறந்து ஒரு பத்தியைத் தொடர்ந்து வாசித்தால் தெரிந்துவிடும். கதை நடுவில் ஊறுகாய் விளம்பரம் வந்தால் பத்தி கலந்திருக்கிறது. தனிச் சொல் தேடுபவருக்கு இதனால் ஒரு நட்டமும் இல்லை, விட்டுவிடலாம். தொடராக வாசிக்கவோ நகலெடுக்கவோ வேண்டும் என்றால்தான் கவலை. ஒரே படத்தில் விரித்த இரண்டு பக்கங்கள் இருப்பதுதான் பல நேரம் காரணம். ஸ்கேன்டெய்லர் என்ற இலவச நிரலில் இரண்டாக வெட்டிவிட்டு மறுபடி ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். வெட்டிய பிறகு பிடிஎஃப்பின் பக்க எண் மூலத்தோடு ஒத்துப்போகாது என்பதால், மேற்கோளுக்கு அச்சில் உள்ள பக்க எண்ணையே குறித்துக்கொள்ளுங்கள்.